வடகிழக்குத் தூண்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. முத்தியால்பேட்டைக்கு ஒரு மணி நேரப் பேருந்துதான், அதையும் பிடிக்கவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பெரியவள் பிளஸ் டூ. மற்றதெல்லாம் அப்படியே.

இப்போது எழுதுவது ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்பதால். ஒண்ணரை சார் இருந்திருந்தால் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார்.

உப்பனாற்றங்கரையில் ஒரு தொழிற்கூடத்துக்கான இடம். கிழமேலாக 600 மீட்டர், தென்வடலாக 400. கிட்டத்தட்ட அறுபது ஏக்கர். ஜனவரியில் நான்கு மூலையிலும் கான்கிரீட் தூண் நட்டு, டோட்டல் ஸ்டேஷனில் உள்ளூர் ஆயத்தொலைகள் எடுத்தோம். தென்மேற்குத் தூணுக்கு 1000, 1000 என்று வைத்து, தெற்கு வேலியையே கிழக்குத் திசையாகக் கொண்டோம். வழக்கம்போலத்தான். ஜூனில் சாலைக்காரர்கள் தங்கள் வரைபடத்தோடு பொருத்த வேண்டும் என்று யூடிஎம் 44ஆம் மண்டலத்தில் கேட்டார்கள். நான்கு தூணிலும் ஜிஎன்எஸ்எஸ் வைத்து கிரிட் மதிப்புகளை எடுத்தோம். இனி நான்கு அளவுருக்களைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்: இரண்டு நகர்வு, ஒரு சுழற்சி, ஒரு அளவுகோல்.

ஞாபகத்துக்கு எழுதுகிறேன். இரண்டு தொகுப்பிலும் நான்கு புள்ளிகளின் சராசரியைக் கழித்துவிட்டால் (கிரிட்டில் வடக்கு மதிப்பு 12,99,000க்குப் பக்கம், கழிக்காமல் வர்க்கம் எடுத்தால் கால்குலேட்டர் இலக்கங்களை விழுங்கிவிடும்) மிச்சம் இவ்வளவுதான்:

```
a = Σ(x·E + y·N) / Σ(x² + y²)
b = Σ(x·N − y·E) / Σ(x² + y²)
s = √(a² + b²)
```

x, y உள்ளூர். E, N கிரிட். s என்பது அளவுகோல். பிறகு ஒவ்வொரு தூணையும் மாற்றிப் பார்த்து, ஜிஎன்எஸ்எஸ் சொன்ன இடத்துக்கும் கணக்கு சொல்லும் இடத்துக்கும் உள்ள எச்சத்தைப் பார்க்க வேண்டும். இரண்டே புள்ளி வைத்துவிட்டு "பிழையே இல்லை" என்று நீ விழுப்புரத்தில் மார்தட்டினாயே, அந்தப் பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை. நான்கு அளவுருவுக்கு நான்கு சமன்பாடு. எச்சம் எங்கிருந்து வரும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். எச்சம்: வடகிழக்கு 6 செ.மீ., தென்கிழக்கு 5, வடமேற்கு 3, தென்மேற்கு ஒன்றுக்கும் கீழே. ஒப்பந்தத்தில் அனுமதி 5. அளவுகோல் 0.99992.

எந்தத் தூண் கெட்டது? என் கண் நேரே தென்கிழக்கின் மேல் விழுந்தது. அது ஆற்றோரம், களிமண், மழைக்கு உட்கார்ந்திருக்கும் என்று மனசுக்குள் கதை கட்டிவிட்டேன். அதை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். வடமேற்கு 3.3, தென்மேற்கு 2.8, வடகிழக்கு 2க்கும் கீழே. எல்லாம் அனுமதிக்குள். அளவுகோல் 0.99998. கிட்டத்தட்ட ஒன்று! எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

பிரபு (நம் பாலிடெக்னிக் பையன்தான், சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை) "சார், வடகிழக்குல ஜேசிபி ஓடியிருக்கு" என்றான். "எச்சம் அதுக்குத்தான்டா இருக்கிறதிலேயே கம்மி" என்று வாயை அடைத்தேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பியும்விட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் அந்த 0.99998 கண்முன் வந்து நின்றது. சேகர், அது ஒன்றுக்கு அருகில் இருக்கவே கூடாது. 44ஆம் மண்டலத்தின் நடுத் தீர்க்கரேகை 81 டிகிரி. அங்கே அளவுகோல் 0.9996. அங்கிருந்து சுமார் 180 கி.மீ. விலகினால்தான் ஒன்றாகும். நம்ம கடலூர் ஏறக்குறைய 135 கி.மீ. மேற்கே இருக்கிறது, கணக்குப்படி 0.99982 அல்லது 0.99983. நம் கரையில் கடல்மட்டமே நீள்வட்டக்கோளத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருப்பதால் அது இன்னும் துளி ஏறி 0.99984க்கு வரும். அதாவது ஒரு தூணைக்கூட அளக்காமல் இந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கலாம். முதல் பொருத்தத்தில் அதிலிருந்து விலகல் 0.00008. நான் "சரிசெய்த" பிறகு 0.00014. எச்சம் குறையக் குறைய விடை கெட்டுக்கொண்டே போயிருக்கிறது.

விடிந்ததும் பிரபுவைக் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கணக்கும் இல்லாமல், தூண்களுக்கு இடையே தூரத்தை மட்டும் அளந்தோம். வடமேற்கு–தென்மேற்கு ஜனவரியில் இருந்தபடியே. வடமேற்கு–வடகிழக்கு 10 செ.மீ. கூட. வடகிழக்கு–தென்கிழக்கு 7 செ.மீ. கூட. நீண்ட கோடுகள் இரண்டுக்கும் பொதுவான முனை வடகிழக்கு. மூலைவிட்டத் திசையில் வெளிப்பக்கமாக 12 செ.மீ. தள்ளப்பட்டிருக்கிறது. மேலே ஒரு கீறல்கூட இல்லை, நிமிர்ந்து நிற்கிறது. காலடியில் மட்டும் புதுமண்.

உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். செவ்வகத்தின் நான்கு மூலையில் ஒன்று மட்டும் 12 நகர்ந்தால் எச்சமாக அதன்மேல் தெரிவது பாதிதான், 6. மீதியை நான்கு அளவுருக்களும் வளைந்துகொடுத்து விழுங்கி, பக்கத்து மூலைகளுக்கு 5, 3 என்று பங்கு போட்டுவிடுகின்றன. எதிர்மூலைக்குப் பூஜ்யம். நல்ல தென்கிழக்கை நான் தூக்கியதும் நிலைமை இன்னும் மோசம். மிச்ச மூன்றில் நடுவிலிருந்து அதிகம் தள்ளி நிற்பது வடகிழக்கு. நெம்புகோல் மாதிரி பொருத்தத்தை மொத்தமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தான் 2க்குக் கீழே காட்டிச் சாதுவாக இருந்துவிட்டது. தப்பு செய்தவன்தான் அந்த மூன்றில் சுத்தமாகத் தெரிந்தான்.

ஒவ்வொரு தூணையும் முறைவைத்து நீக்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். வடகிழக்கை நீக்கினால் மற்ற மூன்றும் ஒரு செ.மீ.க்குள். அளவுகோல் 0.99984. நான் நீக்கியது ஒன்றே ஒன்று, அதுவும் என் கதைக்குத் தோதானது.

அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கடிதம் கொடுத்தாயிற்று. சாலைக்காரர்கள் இன்னும் குறி வைக்கவில்லை, தப்பித்தேன். பிரபுவிடம் மன்னிப்பு கேட்டேன். அவன் "பரவாயில்ல சார்" என்றான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பதினெட்டு வருஷ அனுபவம் என்று அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இருந்தாலும் மூன்று புள்ளியோடு விட மனசில்லை. தள்ளுபட்ட தூணைப் பெயர்த்துப் புதிதாக நட்டு, இறுகியதும் இரண்டு முறையிலும் அளக்கப் போகிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. இடத்தின் சொந்தக்காரர் புதிய வரைபடத்தைப் பார்த்துவிட்டார். 600 மீட்டர் கிரிட்டில் 599.90. மொத்தப் பரப்பில் சுமார் 77 சதுர மீட்டர் குறைவு, ஏறக்குறைய இரண்டு சென்ட். "என் இரண்டு சென்ட் எங்கே?" என்று தினமும் போன். தரையில் ஒரு அங்குலம்கூடப் போகவில்லை, தாளில்தான் சுருங்கியிருக்கிறது, பத்திரத்துக்குத் தரை அளவுதான் என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். அவர் ஆறுமுகம் மாமா மாதிரியே "அப்படியா" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். பேசிச் சமாளிக்க உன்னைவிட்டால் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வா. வரும்போது என் ப்ரிசம் கம்பத்தையும் கொண்டு வா. நீ வாங்கிப் போய் இரண்டு வருஷமாகிறது.

அன்புடன்,
குமரன்