ஔலுவில் என்னைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஃபின்லாந்தில் ஔலு நகரத்தில் படிக்கும் கடலூர்ப் பெண் நான். டிசம்பரில் இங்கே பத்தரை மணிக்கு வரும் சூரியன் இரண்டு மணிக்கெல்லாம் போய்விடும். அப்படியோர் இருட்டில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கை முள்கரண்டி மாதிரி வளைந்து நின்றது.

தன் பஸ்ஸை விட்டுவிட்டு என்னோடு டாக்ஸியில் ஆஸ்பத்திரிவரை வந்த அந்தப் பெரியம்மாவுக்கு முதல் நன்றி. எனக்கு ஃபின்னிஷ் வராது, அவருக்கு ஆங்கிலம் வராது. வழியெல்லாம் என் கையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டே வந்தார்.

அடுத்து, அன்று பணியில் இருந்த நர்ஸுக்கு. முறிந்த இடத்திலேயே மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு எலும்பை இழுத்து நேராக்கினார்கள். ஊசி போட்டாலும் இழுப்பது நன்றாகவே தெரியும். அப்போது தானாக வாயில் வந்தது, கரண்ட் போன இரவுகளில் அம்மா சொல்லிக்கொடுத்த தேவாரம்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

வரிக்கு நாலே சீர். ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்பது அம்மாவின் கணக்கு. வலியில் மூச்சைப் பிடித்தால் கை இறுகிவிடும், அப்புறம் எலும்பு நகராது. வரியை முடிக்கவோ மூச்சை விட்டே ஆகவேண்டும். நர்ஸ் இதைக் கவனித்துவிட்டார். நான் ஒவ்வொரு வரியாக முடிக்கும் நேரம் பார்த்து டாக்டருக்குக் கண் காட்டினார்.

மாவுக்கட்டுப் போடும்போது, "கடவுளிடம் என்ன கேட்டாய்?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். இந்த நாலு வரியில் 'காப்பாற்று' என்று எங்கும் இல்லை. அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோது பாடியது என்பார்கள். உள்ளே வெந்துகொண்டிருக்க வேண்டியவர் நிலா, தென்றல், பொய்கை என்று குளிரக் குளிர அடுக்குகிறார். வெளியே மைனஸ் இருபதில் தென்றலைப் பாடியது நானாகத்தான் இருப்பேன்!

ரசமும் சோறும் கொண்டுவந்த இலங்கை அக்கா குடும்பத்துக்கும் நன்றி. ஒற்றைக் கையால் சமைத்துவிடலாம் அக்கா, சடை பின்னத்தான் முடியாது. அதற்காகவே வந்து போனீர்களே!

அம்மாவுக்கு மறுநாள்தான் சொன்னேன். முதலில் திட்டு, பிறகு அழுகை, கடைசியில் "பாடினியா?"

அறைத் தோழிகளே, கட்டைப் பிரித்த வாரமே என்னை சவுனாவுக்கு இழுத்துப் போனீர்கள். எண்பது டிகிரி. கல்லில் தண்ணீர் ஊற்றியதும் காது எரிந்தது. பாட்டின் கதையை அங்கேதான் சொன்னேன். அவர் எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்று கேட்டீர்கள். ஏழு நாள் என்றதும், பிறந்ததிலிருந்து சவுனாவில் உட்காருகிற நீங்களே கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினீர்கள்.

அன்புடன்,
உங்கள் கடலூர்ப் பெண்