விற்க ஆங்கிலம், தடுக்கத் தமிழா?

ஆசிரியருக்கு, கடைப் பெயர்ப் பலகைகளில் தமிழ் கட்டாயம் என்பது குறித்து உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதத்தில் பலகையில் இடம் தர வேண்டும் என்பது விதி. ஆனால் அளவுகோல் எழுத்தின் உயரத்தைத்தான் அளக்கும், சொல்லை அளக்காது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் நிறைந்த முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போன வாரம் நடந்தேன். ஒரு கடையில் தமிழ் எழுத்து பெரிதாகவே இருந்தது, சரி, எழுதியிருந்ததோ 'ஆன்டிக்ஸ்'. அதே கடையின் கதவோரத்தில், அட்டையில் கையால் எழுதிய நல்ல தமிழ்: 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்'. வாங்க வருபவரிடம் ஆங்கிலம், விலக்கி நிறுத்த வேண்டியவரிடம் தமிழ் என்று அந்த வாசலே மொழிகளைத் தரம் பிரித்துவிடுகிறது. பெட்டகம், மரவை, அஞ்சறைப்பெட்டி என்று உள்ளே இருக்கும் பொருளுக்கெல்லாம் நம் ஆச்சிமார் வாயில் பெயர் இருக்கிறதே!

தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பலகையின் படத்தையும் மாநகராட்சி கேட்டு வாங்கலாம். எழுத்தின் அளவோடு, கடை என்ன விற்கிறது என்பது தமிழ்ச் சொல்லில் இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அப்புறம், 'பழம்பொருள் அங்காடி' என்பதற்குக் கீழே ஆங்கிலமும் தாராளமாக இருக்கட்டும். வெளியூர்க்காரருக்கும் வழி தெரிய வேண்டுமே.

– ஒரு வாசகர், காரைக்குடி