தம்பிக்கு, மஞ்சக்குப்பத்திலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறுவதைப் பார்க்க வருகிறேன் என்ற கொத்தனார் இன்னும் வரவில்லை. நீ தண்ணீர் நிறையக் குடி. ஏசி அறையில் தாகம் தெரியாது, தொண்டை காய்ந்த பிறகுதான் தெரியும்.

அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அவளைக் கூப்பிட்டுக் கத்தாதே. உன் கால் சென்டரில் மார்க் போடுகிற குவாலிட்டி ஷீட்டில், அழைப்பு வந்ததும் நீ முதலில் சொல்கிற ஓப்பனிங் 'மிஷின் மாதிரி இருக்கிறது' என்று யாரோ எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்? நான் பொதுவாக எழுதுகிறேன்.

'உங்க காலம் வேறம்மா' என்பாய். வேறுதான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது, டிரங்க் போர்டில் விளக்கு எரிந்தால் ஒயரைச் சொருகிவிட்டு 'டிரங்க் புக்கிங், சொல்லுங்க' என்போம். உனக்குச் சொருகுகிற வேலைகூட இல்லை. காதில் ஒரு பீப், உடனே ஆள் லைனில். எங்களுக்குக் கை அசைகிற நேரமாவது மூச்சு விடக் கிடைத்தது. அதனால் உன் வேலை என் வேலையைவிடக் கஷ்டம் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே வாக்கியத்தை நாள் பூராவும் சொன்னால் அது என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

ஊரடங்கின்போது நீ கூடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாயே, அப்போது அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காலையில் 'வணக்கம், ஹெல்த் இன்ஷூரன்ஸ் உதவி மையம், பிரபு பேசறேன், உங்களுக்கு எப்படி உதவலாம்?' என்று வரும். புதுச்சேரி வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், எனக்குப் பெருமையாக இருக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உன் பேர் தேய ஆரம்பிக்கும், 'ப்ருபேசறேன்' என்று. சாயங்காலம் கடைசிக் கேள்வி ஒரே சொல்லாகிவிடும்: 'உங்களுக்கெப்டியுதலாம்.' அதில் கேள்விக்குறியும் இருக்காது, கேட்பதற்கு உரிய ஏற்றமும் இருக்காது. உன் தாத்தா அந்தப் பேரை வைக்க எவ்வளவு சண்டை போட்டார், நீ அதை முழுங்குகிறாய்.

இது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் நாக்கு அதைச் சுருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். சொல்கிறவனுக்கு அதில் புதுசு ஒன்றும் இல்லை. கேட்கிறவனுக்கோ அதுதான் முதல் தடவை. போதாததற்கு போன் லைனும் குரலை வெட்டும். பழைய லைனில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். 'ஸ', 'ஃப' எல்லாம் அதில் பாதி காணாமல் போகும். நீ வேறு முழுங்கினால் அந்தப் பக்கம் என்னதான் போய்ச் சேரும்?

விருத்தாசலத்துப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ ஓப்பனிங் சொல்லி முடித்தாய். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. 'ஹலோ சார், கேக்குதா?' என்றாய். மறுபடியும் இல்லை. இரண்டாவது 'ஹலோ' சொன்ன பிறகுதான் 'அட, ஆளா? மிஷின் பேசுதுன்னு நெனச்சேன் தம்பி' என்றாராம். நீ சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பக்கமிருந்து பார். முதலில் ஒரு பதிவுக் குரல் 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்றது. அப்புறம் பாட்டு. அப்புறம் 'இந்த உரையாடல் பதிவு செய்யப்படும்.' அதன் வாலைப் பிடித்தாற்போல அதே உயரத்தில், அதே வேகத்தில், மூச்சு விடாமல் நீ. நாலாவது பதிவு ஓடுகிறது, அடுத்து எதையாவது அழுத்தச் சொல்லும் என்று அவர் காத்திருந்தார். அவர்மேல் என்ன தப்பு? ஓப்பனிங் செத்துவிட்டது என்பதை மார்க் போடுகிறவர் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை, கூப்பிடுகிறவர்களே காட்டிக்கொடுப்பார்கள். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் மௌனம், அல்லது 'ஹலோ?' என்ற கேள்வி, அல்லது 'யார் பேசறது?' இந்த மூன்றும் ஒரு நாளில் அடிக்கடி வந்தால் லைனைக் குறை சொல்லாதே.

அதற்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பீப் கேட்டதும் பாயாதே, அரை மூச்சு விட்டுத் தொடங்கு. பாய்ந்தால் 'வணக்கம்' என்பதில் 'வ' அறுந்துதான் அவர்கள் காதுக்குப் போகும். பதிவுக் குரல் உச்சத்தில் முடிந்திருக்கும், நீ ஒரு படி கீழே ஆரம்பி. பேரைச் சொன்ன பிறகு ஒரு சின்ன இடைவெளி விடு. கடைசிக் கேள்வியைக் கேள்வியாகவே கேட்டு, வாயை மூடு. ஸ்கிரிப்ட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, மார்க் போடுகிறவர் ஒன்றும் சொல்ல முடியாது. நேரமாகும் என்பாய். கணக்குப் போடு: ஒரு அழைப்புக்கு அரை நொடி என்றால் நூறு அழைப்புக்கு ஐம்பது நொடி, ஷிஃப்ட் முழுவதற்கும் ஒரு நிமிஷம்கூட இல்லை. பெரியவரிடம் நீ 'ஹலோ, ஹலோ' என்றதிலேயே அதில் பத்து நொடி போயிருக்கும்.

சொற்களை மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். 'உதவலாம்' என்பதை 'என்ன செய்யட்டும்' என்று மாற்றினால் இரண்டு நாள் புதுசாக இருக்கும், மூன்றாம் நாள் அதுவும் தேயும். என்னோடு போர்டில் இருந்தவள் வாரத்துக்கு ஒரு தினுசாகச் சொல்லிப் பார்த்தாள். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

உன் அக்கா கல்லூரியில் படித்ததைச் சொன்னாள் (இது பழைய பேச்சு, இப்போது சொன்னது இல்லை). ஆர்லி ஹோக்ஷில்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1983-இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதினாராம். வேலைக்காக முகத்தில் மட்டும் காட்டுவது ஒன்று, நிஜமாகவே அப்படி உணரும்படி தன்னையே பழக்கிக்கொள்வது இன்னொன்று, இரண்டுமே ஆளை உறிஞ்சும் என்று. எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. முகம் தெரியாத நூறு பேரிடம் உனக்கு அன்பு வர வேண்டாம். வரவும் வராது, வந்தால்தான் பயப்பட வேண்டும். 'எப்படி உதவலாம்' என்ற அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நிஜமாக இருந்தால் போதும். இவர் எங்கிருந்து பேசுகிறார், பஸ் ஸ்டாண்டா, ஆஸ்பத்திரியா, பின்னால் குழந்தை அழுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேள். கேள்வி கேட்டுவிட்டு ஸ்கிரீனைப் பார்க்கிறவன் குரலும் காதைக் கொடுக்கிறவன் குரலும் ஒன்றாக இருக்காது.

அதனால்தான் ரொம்ப உற்சாகமும் வேண்டாம் என்கிறேன். சிரித்துக்கொண்டே பேசினால் உதடு விரிந்து குரல் மாறும், அது போனிலும் தெரியும், உண்மைதான். ஆனால் உனக்குக் கூப்பிடுகிறவர்கள் யார்? பில் கட்ட முடியாமல் ஆஸ்பத்திரி கவுன்டரில் நிற்கிறவர்கள். அப்பாவை அட்மிட் செய்த அன்று ராத்திரி நான் இப்படி ஒரு நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தவுடன் 'இனிய மாலை வணக்கம்' என்று குதித்தாள். நல்ல பெண்தான், அப்புறம் பொறுமையாக எல்லாம் செய்தாள். ஆனாலும் அந்த முதல் நொடியில் எனக்குப் பேச வாய் வரவில்லை. யார் வருகிறார்கள் என்று தெரியாத இடத்தில் குரல் நடுவில் நிற்கட்டும். அவர்கள் ஒரு வார்த்தை சொன்ன பிறகு மேலேயோ கீழேயோ போகலாம்.

சில இடங்களில் ஓப்பனிங்கை ஏஜென்ட் குரலிலேயே பதிவு செய்து ஓடவிடுகிறார்களாமே. உங்கள் ஆபீஸிலும் அப்படி வருகிறது என்று யாராவது சொன்னால், தொண்டைக்கு நல்லதுதான், ஒத்துக்கொள். ஆனால் திங்கட்கிழமை காலை உற்சாகத்தில் பதியாதே. சனிக்கிழமை சாயங்காலம் உன் நிஜக் குரல் தொடர்ந்து வரும்போது மேட்டிலிருந்து விழுந்த மாதிரி கேட்கும். சாதாரணமான ஒரு நாளில், சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து பதி. அது ஓடுகிற ஐந்து நொடியில் அடுத்த ஸ்கிரீனைத் திறக்காதே. அந்தப் பக்கத்து மூச்சைக் கேள்.

தண்ணீர் குடிக்கச் சொன்னேன் இல்லையா, வெந்நீராகவே குடி.

இன்னொன்று. சாயங்காலம் ஓப்பனிங் தேய்ந்தால் அது நாக்கின் களைப்பு, ராத்திரி தூங்கினால் மறுநாள் சரியாகிவிடும். லீவு முடிந்து வந்த முதல் நாள், முதல் அழைப்பிலேயே தேய்ந்திருந்தால் அது நாக்கு இல்லை. நான் மேலே எழுதியது எதுவும் அதற்கு உதவாது. போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆஃப். நான்தான் கூப்பிட்டேன். எடுத்தவுடன் 'சொல்லுங்க' என்றாய். 'அம்மா' என்றுகூட இல்லை. 'சாப்பிட்டியா?' என்றேன், 'ஆச்சு' என்றாய். 'ரூமில் யார் இருக்கா?' என்றேன், 'யாருமில்ல' என்றாய். அதற்கு முந்தின ஞாயிறும் இதே குரல்தான். நான் குறை சொல்லவில்லை. உன் சம்பளத்தில்தான் அப்பாவின் ஆபரேஷன் நடந்தது, அதை இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான குரல் கேட்டவள் நான். என் பிள்ளை குரலில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

வேலையை விடு என்று சொல்லவில்லை. விடாதே என்றும் சொல்லவில்லை. ஓப்பனிங் இல்லாத வேலை, பேக் ஆபீஸ், சாட், ஈமெயில் என்று ஏதோ இருக்கும் என்று அக்கா... சரி, அதை நேரில் பேசலாம்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஒரு மணி நேர பஸ். இதற்கு நீ மாசக்கணக்கில் யோசிக்கிறாய். அடுத்த ஆஃப் என்றைக்கு என்று மெசேஜ் மட்டும் போடு, போன் வேண்டாம், பேசிப் பேசி அலுத்திருப்பாய். வந்து தூங்கு. யாரும் எதுவும் கேட்க மாட்டோம், அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். போன தடவை கொண்டுபோன எவர்சில்வர் டப்பாக்களை மறக்காமல் எடுத்து வா. அதில் பெரியது பக்கத்து வீட்டு டீச்சருடையது, இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.

அன்புடன்,
அம்மா