டேப்பை எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள்

சேலத்துத் தையல் யூனிட்டுகளுக்கு ஆர்டர் கொடுக்கும் இளம் டிசைனர்களுக்கு,

வணக்கம். அம்மாபேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். நீங்கள் அனுப்பும் டெக் பேக் முதலில் என் மேசைக்குத்தான் வருகிறது. அதை வைத்துத்தான் பேட்டர்ன் போடுகிறேன், அதை நம்பித்தான் துணியை வெட்டுகிறேன். வெட்டிய துணியை ஒட்ட முடியாது என்பதால் உங்களிடம் சில விஷயங்களை மனம்விட்டுக் கேட்க நினைக்கிறேன்.

போன வருஷம் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்கு ஊழியர் சட்டை, 240 பீஸ் தைத்தோம். முழுக்கை, இறங்கிய தோள், பக்கத்துத் தறியில் எடுத்த காட்டன் துணி. டிசைன் செய்த தம்பி நல்ல உழைப்பாளி. படங்களை அழகாகப் போட்டிருந்தார். ஆனால் அளவுப் பக்கத்தில் எல் சைஸுக்கு நேராக இப்படித்தான் இருந்தது: மார்பு 44, தோள் 20, நீளம் 29, கை 25. இஞ்ச் கணக்கு. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை.

கை 25 என்றால் எங்கிருந்து? தோள் தையலிலிருந்து கஃப் நுனி வரை என்றுதான் எந்த மாஸ்டரும் எடுத்துக்கொள்வார். நானும் அப்படியே எடுத்தேன். சாம்பிள் போட்டுப் பார்த்தால் கஃப் உள்ளங்கை வரை வந்து நின்றது. பிறகு பேசியதில்தான் தெரிந்தது, தனக்குப் பிடித்த ஒரு ரெடிமேட் சட்டையை அளந்து 25 என்று எழுதியிருக்கிறார். அந்தச் சட்டையின் தோள் 18. பாதித் தோள் 9, கை 25, ஆக நடு முதுகிலிருந்து 34. நம் சட்டையில் தோள் 20 என்பதால் பாதியே 10. அதோடு 25 சேர்ந்தால் 35. தோள் இறங்கிய அளவுக்குக் கையைக் குறைக்க வேண்டும், 24 தான் சரி.

இதற்கு ஒரு வழி உண்டு. தோள் இறங்கிய எந்த உடுப்புக்கும் கை நீளத்தை நடு முதுகில் காலர் தையலிலிருந்து தோள் வழியாகக் கஃப் நுனி வரை கொடுங்கள். தோளை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அந்த 34 மாறாது. சட்டை நீளத்துக்கும் இதே கதைதான். தோளின் மேல் முனையில் காலர் சேரும் இடத்திலிருந்து அளப்பதும், நடு முதுகில் காலருக்குக் கீழிருந்து அளப்பதும் ஒன்றல்ல, முக்கால் இஞ்ச் போல வித்தியாசம் வரும். பிளாட் ஸ்கெட்ச் மேலேயே ஏ, பி, சி என்று அம்புக்குறி போட்டு, டேப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டிவிடுங்கள். மார்பு அளவுக்கு அக்குளிலிருந்து எத்தனை இஞ்ச் கீழே என்றும், சுற்றளவா பாதியா என்றும் எழுதுங்கள்.

சரி, கைத் தவறு ஒரு சாம்பிளோடு போயிற்று. பெரிய அடி அதற்கப்புறம் வந்தது. திருத்திய சாம்பிளைப் போனில் படமாகப் பார்த்தே ஓகே சொல்லிவிட்டார். யாரும் போட்டும் பார்க்கவில்லை, துவைத்தும் பார்க்கவில்லை. 240 சட்டையும் போய்ச் சேர்ந்து மூன்று துவைப்பு ஆன பிறகு போன் வந்தது. கையைத் தூக்கினால் இடுப்புத் தெரிகிறது, மணிக்கட்டு வெளியே நிற்கிறது என்றார்கள்.

தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டப்பட்டே இருக்கிறது. தண்ணீரில் போட்டதும் கஞ்சி போய், நூல் தளர்ந்து, துணி பாவு வாக்கில் சுருங்குகிறது. ஊடை வாக்கில் பெரும்பாலும் அவ்வளவு சுருக்கம் இருக்காது. சட்டையின் நீளமும் கையின் நீளமும் பாவு வாக்கில்தான் வெட்டப்படுகின்றன, அதனால் அடி அங்கேதான் விழுகிறது. மிச்சத் துணியைத் துவைத்துப் பார்த்தேன். பாவில் 4 சதவீதம், ஊடையில் 2. 29 இஞ்ச் சட்டை 27¾ ஆகியிருந்தது, 24 இஞ்ச் கை 23 ஆகியிருந்தது. நஷ்டத்தை இருவரும் பாதிப் பாதியாக ஏற்றுக்கொண்டோம். டெக் பேக்கில் '29, துவைத்த பிறகு' என்று இரண்டு வார்த்தை இருந்திருந்தால் நான் முதலில் துணியைத்தான் சோதித்திருப்பேன். கேட்காமல் வெட்டியது என் தவறும்தான்.

சோதனை கஷ்டமில்லை. துணியில் 60 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, அதற்குள் 50 சென்டிமீட்டர் சதுரம் அழியாத மையில் குறியுங்கள். பாவு எது என்று அம்பு போடுங்கள். வாங்குகிறவர் எப்படித் துவைப்பாரோ அப்படியே மூன்று முறை துவைத்து, காயவைத்து, இழுக்காமல் அயர்ன் செய்து அளந்து பாருங்கள். 50 என்பது 48 ஆனால் 4 சதவீதம். அப்புறம் வேண்டிய அளவை 0.96-ஆல் வகுக்க வேண்டியதுதான். 29-க்கு 30¼ வரும், 24-க்கு 25 வரும். மார்புக்கு ஊடைக் கணக்கு, 44-ஐ 0.98-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45. இப்படிக் கூட்டிய அளவுகளை நீங்களே எழுதிவிடாதீர்கள். நீங்களும் கூட்டி நாங்களும் கூட்டினால் சட்டை அங்கியாகிவிடும். துவைத்த பின் வர வேண்டிய அளவையும் சுருக்க சதவீதத்தையும் கொடுங்கள், பேட்டர்னில் கூட்டுவது என் வேலை. வேறு தறியில் துணி எடுத்தால் சதவீதமும் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காலர் கேன்வாஸும் இந்தச் சோதனைக்கு வர வேண்டும். பட்டியலில் வெறும் 'கேன்வாஸ்' என்று எழுதினால் கடையில் கிடைப்பதை ஒட்டிவிடுவோம். துணி சுருங்கி கேன்வாஸ் சுருங்காமல் நின்றால் காலரில் குமிழி குமிழியாக எழும்பும். ஒட்டும் வகையா, வைத்துத் தைக்கும் வகையா, என்ன கனம் என்று எழுதி, ஒரு துண்டு ஒட்டித் துவைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பட்டனுக்குப் படம் மட்டும் போதாது. 18 லைன் என்றால் 11.5 மில்லிமீட்டர் போல வரும். ஆனால் காஜா நீளத்துக்கு பட்டனின் விட்டத்தோடு தடிமனையும் கூட்ட வேண்டும். அந்தத் தம்பி தேர்ந்தெடுத்த மரப் பட்டன் 4 மில்லிமீட்டர் தடிமன், வழக்கமான காஜாவில் நுழையவே இல்லை.

இன்னொன்று, ஏற்ற இறக்கம். எவ்வளவு கூடக் குறைய இருந்தால் ஏற்பீர்கள் என்று ஒவ்வொரு அளவுக்கும் நேராக எழுதுங்கள். மார்புச் சுற்றளவுக்கு அரை இஞ்ச் சரியாக இருக்கும். ஒரு இஞ்ச் கொடுத்தால், எம் 42, எல் 44 என்று இருக்கும்போது பெரிய எம்மும் சின்ன எல்லும் ஒரே 43-ல் வந்து நிற்கும், லேபிளுக்கு அர்த்தம் இருக்காது.

ஸ்கெட்சும் குறிப்பும் ஒன்றையே சொல்லட்டும். யோக்கில் புள்ளிக்கோடு இரண்டு போட்டுவிட்டு, குறிப்பில் ஒரு தையல் என்று எழுதினால் டெய்லர் படத்தைத்தான் பார்ப்பார்.

இந்த ஆடியில் அதே தம்பி அடுத்த ஆர்டரோடு வந்தார். டெக் பேக்குக்கு முன்னால் ஒரு மீட்டர் துணியை என் மேசையில் வைத்து, 'மாஸ்டர், துவைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், அளவை அப்புறம் எழுதுகிறேன்' என்றார். நீங்களும் அந்த ஒரு மீட்டரோடு வாருங்கள்.

அன்புடன்,
அம்மாபேட்டை கட்டிங் மாஸ்டர் ஒருவர்