1918 என்று போட்ட பவுண் காசு

அன்பின் மச்சான்,

கல்முனையிலும் கச்சான் காற்று இப்படித்தான் வீசுகிறதா? இங்கே வாவிக்கரையில் நிற்க முடியவில்லை.

மகளுக்கு எடுக்கப்போகும் பிரித்தானியப் பவுண் காசின் இரண்டு படங்களையும் பார்த்தேன். “அசல்தானே?” என்று கேட்டிருந்தாய். அசல் என்று படத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அசல் இல்லை என்று சொல்லப் படமே போதும்.

குதிரைவீரன் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார். கீழே 1918. அந்த வருடம் லண்டனில் இந்தக் காசு அடிக்கவில்லை. சிட்னி, மெல்போர்ன், பேர்த், ஒட்டாவா, பம்பாய் ஆகிய இடங்களில்தான் அடித்தார்கள். ஒவ்வொன்றும் தன் அடையாள எழுத்தை வருடத்துக்கு மேலே, குதிரையின் காலடித் தரையில் பொறித்தது; பம்பாய்க்கு I. உன் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. படம் மங்கலென்றால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருப்பேன். ஆனால் பக்கத்தில் இலக்கங்கள் அவ்வளவு கூர்மையாகத் தெரிகின்றனவே.

அந்த எழுத்து இருந்திருந்தாலும் நான் சரி என்று சொல்லியிருக்க மாட்டேன். அச்சை அப்படியே பிரதி எடுக்கலாம். நிறத்தையும் நம்பாதே, மஞ்சள் பல்பின் கீழே முலாம் பூசிய பித்தளையும் பொன்னாகத்தான் தெரியும். தராசில் 7.98 கிராம் என்று காட்டும் படம் வந்தாலும், அந்தத் தராசு சரியா என்பது படத்தில் இல்லை.

பொன்தானா என்று பார்க்கக் காசு கைக்கு வரவேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூச்சியமாக்கு. காசை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் முழுக்க அமிழ்த்து. 22 கரட் என்றால் 0.45 கிராம் அளவில் காட்டும். அதே நிறையுள்ள பித்தளை அதைப்போல் இரண்டு மடங்கு காட்டும். காசில் வளையம் ஒட்டியிருந்தால் இந்தக் கணக்குப் பிசகும்.

ஆனால் தண்ணீரும் எல்லாவற்றையும் சொல்லாது. 1950களில் லெபனானில் நல்ல பொன்னிலேயே கள்ளக் காசு அடித்தார்கள். அது தராசிலும் தண்ணீரிலும் தேறிவிடும். அதைப் பிடிப்பது இந்த எழுத்து, இலக்கம், அச்சின் கூர்மைதான். உன் காசும் அந்த வகையாக இருக்கலாம். அப்படியென்றால் பொன் விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காதே.

இன்னொன்று. படங்களை அழிக்காதே. ராசாவின் கழுத்துக்குக் கீழே விளிம்பில் ஒரு நெளிவும் அதன் பக்கத்தில் இரண்டு கீறலும் இருக்கின்றன. காசைக் கையில் தரும்போது அவை அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடு. என் மைத்துனருக்கு ஒரு காசைக் காட்டி வேறொன்றைக் கொடுத்துவிட்டார்கள். படத்தை வைத்திருந்ததால்தான் அன்றே திருப்பிக் கொடுக்க முடிந்தது.

பொன் விலைக்காவது எடுக்க நினைத்தால், விற்பவரின் சம்மதத்தோடு ஞாயிற்றுக்கிழமை காசோடு மட்டக்களப்புக்கு வா. தராசு என்னிடம் இருக்கிறது. உரைகல்லில் உரைத்துப் பார்க்கப் பத்தரிடமும் சொல்லிவைக்கிறேன். அதுவரை முற்பணம் எதுவும் கொடுத்துவிடாதே, மச்சான்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி