ஷீட்டில் அழித்த போஸ்ட் ஏன் வெளியே போனது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, நாங்கள் பதிவுகளைக் கவனித்துக்கொள்ளும் ஓர் இனிப்புக் கடையின் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போகவே கூடாத ஒரு போஸ்ட் போய்விட்டது. தவறு எங்களுடையது. அந்தக் கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். உங்கள் எல்லோருடைய பதிவுகளும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன என்பதால், நடந்ததையும் இப்போது மாற்றியிருப்பதையும் உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

நீங்கள் பார்க்கும் கூகுள் ஷீட்டில் ஒரு பதிவுக்கு ஒரு வரி. அதில் வாசகம், படம், தேதி, நேரம், உங்கள் சம்மதம் எல்லாம் இருக்கும். நீங்கள் 'சரி' என்று போட்டதும் எங்கள் நிரல் அதை இரண்டு இடங்களுக்கு நகல் எடுத்துவிடும். ஒன்று, முகநூலின் சொந்தக் கிடங்கு. நேரத்தைக் குறித்து அங்கே கொடுத்துவிட்டால், அந்த நேரத்தில் முகநூலே அதை வெளியிடும். இன்னொன்று எங்கள் வரிசை. இன்ஸ்டாகிராம் பதிவு அதில் காத்திருக்கும். நேரம் வந்ததும் நாங்கள் அனுப்புவோம். ஆக, உங்கள் கண்ணுக்கு ஒரு பதிவு, உண்மையில் மூன்று. ஷீட்டில் இருப்பது வெறும் தாள்தான். கடைக்கு வெளியே போவது மற்ற இரண்டும்.

அந்த வாரம் வியாழன் இரவு, கடைக்காரர் ஷீட்டில் அந்தச் சலுகைப் பதிவில் இருந்த மைசூர்பாகு அரை கிலோ 320 ரூபாய் என்பதை 340 ஆக்கினார். அது ஒழுங்காக இரண்டு இடத்துக்கும் போனது. ஷீட்டில் ஒரு கட்டத்தை யாராவது மாற்றினால் `onEdit` என்ற தூண்டல் எங்கள் நிரலை எழுப்பும், எந்த வரி, எந்தக் கட்டம் என்றும் சொல்லும். வெள்ளி மதியம் நெய் லோடு வரவில்லை. சலுகையே வேண்டாம் என்று முடிவெடுத்து, அந்த வரியையே ஷீட்டிலிருந்து அழித்துவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

வரியை அழித்தால் `onEdit` எழுப்பாது. `onChange` என்ற வேறொரு தூண்டல்தான் எழுப்பும். அதுவும் `REMOVE_ROW`, அதாவது ஏதோ ஒரு வரி போய்விட்டது என்று மட்டும்தான் சொல்லும். எந்த வரி, அதில் என்ன இருந்தது என்று சொல்லாது. நாங்கள் அதைக் கேட்கவே ஏற்பாடு செய்யவில்லை. கேட்டிருந்தாலும், முகநூலில் எதை ரத்து செய்வது என்று தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்தப் பதிவின் முகநூல் எண் அந்த வரியில்தான் இருந்தது. வரியோடு அதுவும் போயிற்று. திருத்தம் ஒரு தடயத்தை விட்டுப் போகிறது. அழித்தல் தடயத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

6 மணிக்கு இரண்டும் போயின. 6.40க்குக் கடைக்காரர் கூப்பிட்டார். கல்லா முன்னால் இரண்டு பேர் போனை நீட்டி 340 ரூபாய் மைசூர்பாகு கேட்டுக்கொண்டு நின்றார்களாம். முகநூல் பதிவை எங்கள் நிரலிலிருந்தே எடுத்தோம். இன்ஸ்டாகிராமில் செயலிக்குள் போய்க் கையால் எடுக்க வேண்டியிருந்தது.

அதைவிட மோசமானது இரவு நடந்தது. தினமும் 11 மணிக்கு எங்கள் நிரல் ஷீட்டையும் வரிசையையும் ஒப்பிட்டுப் பார்க்கும். வரிசையில் ஒரு பதிவு இருக்கிறது, ஷீட்டில் இல்லை. 'ஷீட்டில் விடுபட்டுவிட்டது போல' என்று அதுவாக எடுத்துக்கொண்டு, அழித்த வரியைத் திரும்ப எழுதிவைத்துவிட்டது. சனிக்கிழமை காலையில் அதைப் பார்த்த கடைக்காரர், நாங்கள் வேண்டுமென்றே திரும்பப் போட்டோம் என்று நினைத்தார். நினைக்காமல் என்ன செய்வார்? ஓரிடத்தில் இருக்கிறது, இன்னோரிடத்தில் இல்லை என்றால், அது புதிதாகச் சேர்த்ததா, பழையதை அழித்ததா என்று வெறும் ஒப்பீட்டால் சொல்லவே முடியாது. இது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சரி, இப்போது மாற்றியிருப்பது இது. ஷீட்டில் இனி வரியை அழிக்க முடியாது, பூட்டிவிட்டோம். பதிவு வேண்டாமென்றால் நிலை என்ற கட்டத்தில் 'ரத்து' என்று தேர்ந்தெடுங்கள். வரி அங்கேயே சாம்பல் நிறத்தில் கிடக்கும். அது குப்பை இல்லை. இந்தப் பதிவு இருந்தது, வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்பதற்கான சாட்சி. குறித்த தேதி கழிந்து 30 நாள் வரை அதை வைத்திருப்போம். ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஓர் எண்ணும் கொடுத்திருக்கிறோம். முன்பு ஷீட்டின் வரி எண்ணையே அடையாளமாக வைத்திருந்தோம். நடுவில் ஒரு வரியைச் சேர்த்தாலோ, தேதிவாரியாக அடுக்கினாலோ அது நகர்ந்துவிடும். ஒருவருடைய திருத்தம் வேறு பதிவின்மேல் போய் விழும்.

நீங்கள் ரத்து என்று போட்டவுடன் கட்டம் 'ரத்து கேட்டுள்ளோம்' என்று மாறும். வெளியே போகவிருந்த நகல் உண்மையிலேயே இல்லை என்று மறுபடி கேட்டுப் பார்த்த பிறகுதான் 'ரத்தானது' என்று வரும். நீக்கச் சொன்னதற்குப் பதில் வராமல் இணைப்பு அறுந்துபோவது உண்டு. அதனால் சொன்னதையே செய்ததாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் 'கேட்டுள்ளோம்' என்றே நின்றால் எங்களுக்கு மணி அடிக்கும். உங்கள் கண்ணில் பட்டால் நீங்களும் கூப்பிடுங்கள்.

அப்புறம், பெரிய மாற்றம் ஒன்று. அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து முகநூல் பதிவுகளையும் எங்கள் வரிசையிலேயே வைக்கப்போகிறோம். முகநூலின் கிடங்கில் முன்கூட்டியே எதையும் கொடுக்கப்போவதில்லை. நேரம் வந்ததும் எங்கள் நிரல் முதலில் ஷீட்டைத் திறந்து பார்க்கும். ரத்தாகியிருந்தால் அனுப்பாது. நீங்கள் சம்மதித்த வாசகத்துக்கும் இப்போது இருக்கும் வாசகத்துக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் நிறுத்திவைத்து எங்களைக் கூப்பிடும். அதனால் சம்மதம் கொடுத்த பிறகு எதையாவது திருத்தினால், 'சரி' தானாகக் கழன்றுவிடும். திரும்பப் போட மறக்காதீர்கள்.

இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. எங்கள் கணினி 6 மணிக்குப் படுத்துவிட்டால், முன்பு முகநூல் பதிவாவது தானாகப் போயிருக்கும். இனி இரண்டுமே தாமதமாகும். எங்களுக்குள் இதைப் பற்றி நிறையப் பேசினோம். அரை மணி தாமதமாகப் போன பதிவுக்காக எந்தக் கடைக்காரரும் எங்களைத் திட்டியதில்லை. தவறான விலையோடு போன பதிவை ஜனங்கள் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதைத் திரும்ப வாங்க வழியில்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். மெட்டா பிசினஸ் சூட்டைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு, 1ஆம் தேதிக்குப் பிறகு அங்கே காத்திருக்கும் பதிவுகள் ஒன்றும் தெரியாது. விட்டுப்போயிற்று என்று நினைத்து நீங்களாக ஒன்றைப் போட்டுவிடாதீர்கள், இரண்டு தடவை போய்விடும். மாறாக, பழைய பதிவு ஏதாவது அங்கே இன்னும் காத்திருப்பதாகத் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம், ஆனாலும் இரண்டு ஜோடிக் கண்கள் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, கடையில் தம்பியோ மகளோ போனிலிருந்து நேராக முகநூலில் வாசகத்தைத் திருத்தும் வழக்கம் இருந்தால், அவர்களிடமும் ஷீட்டைக் காட்டிவிடுங்கள். முன்பு அப்படி அவர்கள் திருத்தியதை எங்கள் நிரல் இரவில் பழையபடி மாற்றியிருக்கிறது. ஏன் மாறியது என்று அவர்களுக்கும் புரிந்திருக்காது, எங்களுக்கும் தெரிந்திருக்காது.

பதிவு போவதற்கு 10 நிமிடத்துக்குள் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஷீட்டைத் தொட வேண்டாம். வழக்கமான எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கையால் நிறுத்திவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் பதிவுகளைக் கவனித்துக்கொள்ளும் குழு