கைக்குழந்தைக்கு இருமல் என்றால் பாட்டியையும் விசாரியுங்கள்

ஊர்களில் கிளினிக் நடத்தும் குடும்ப மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர். கக்குவான் இருமல் பற்றி உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. அதற்கு முன், எங்களிடம் வந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பிறந்து 38 நாள், எடை 4 கிலோ. ஐந்து நாளாக லேசான இருமல், காய்ச்சல் இல்லை. "பால் குடிக்கும்போதே மூஞ்சி நீலமாயிடுது டாக்டர்" என்றார் அம்மா. கக்குவானுக்கே உரிய அந்த 'ஊப்' என்ற இழுப்பு கேட்கவில்லை. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அப்படி இழுக்கும் பலம் கிடையாது, மூச்சே நின்றுவிடும். ரத்தத்தில் வெள்ளணுக்கள் 32,000, அதில் முக்கால்வாசி லிம்போசைட். உடனே ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கையில் சேர்த்தோம்.

வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டேன். பாட்டிக்கு 26 நாளாக இருக்கிறதாம். முதல் பத்து நாள் வெறும் ஜலதோஷம்போல இருந்திருக்கிறது. நோய் மிக எளிதாகப் பரவுவது அப்போதுதான், அந்தக் கட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு அடுக்கடுக்காக இருமி, கடைசியில் வாந்தியில் முடியும். நடுவே ஆள் சாதாரணமாக இருப்பார், இரவில்தான் அதிகம். இந்தக் கட்டம் ஆறு வாரம்வரை நீளும், சிலருக்குப் பத்து வாரம்கூட. அடங்கி ஓய இன்னும் பல வாரங்கள். பெரியவர்களுக்கு இழுப்புச் சத்தம் பெரும்பாலும் வராது, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தாலும் ஒன்றும் கேட்காது. பாட்டி இரண்டு கிளினிக்குகளுக்குப் போய், இரண்டிலும் இருமல் சிரப் வாங்கி வந்திருக்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்பது அதைத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமி, இருமியபின் வாந்தி எடுக்கும் எவரிடமும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். இருக்கிறது என்றால், மூக்கின் வழியாக உள்தொண்டை வரை விட்டு எடுத்த மாதிரியை பிசிஆருக்கு அனுப்புங்கள். இருமல் தொடங்கி மூன்று வாரத்துக்குள் எடுத்தால்தான் அதை நம்ப முடியும். அதற்குப் பின் 'நெகட்டிவ்' என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குங்கள்.

அந்தக் குழந்தைக்கு அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், தினம் 40 மில்லிகிராம், ஐந்து நாள். சிரப் 5 மில்லியில் 100 மில்லிகிராம் என்றும் 200 மில்லிகிராம் என்றும் இரண்டு வகையாகக் கடையில் கிடைக்கிறது. முன்னதில் 2 மில்லி, பின்னதில் 1 மில்லி. மில்லியை மட்டும் எழுதினால் தவறு நேரும், 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதுங்கள். பச்சிளங்குழந்தைக்கு இந்த மருந்துக்குப் பின் பீய்ச்சி அடிக்கும் வாந்தி வந்தால் இரைப்பையின் வாய் சுருங்கியிருக்கலாம், உடனே அனுப்பிவையுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு? அப்பா, அம்மா, 15 கிலோ எடையுள்ள நாலு வயது அண்ணன், மூவருக்கும் இருமல் இல்லை. இருந்தும் அன்றே மருந்து கொடுத்தோம். குழந்தைக்கு இருமல் தொடங்கி 21 நாள் தாண்டவில்லை என்பதே காரணம். அண்ணனுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டிருந்தது, அதற்காக அவனுக்கு மருந்து கொடுக்காமல் விட்டுவிட முடியாது. அவனுக்கு முதல் நாள் 150, அடுத்த நாலு நாள் 75 மில்லிகிராம். பெரியவர்களுக்கு முதல் நாள் 500, பிறகு நாலு நாள் 250. கைப்பழக்கத்தில் 500 மாத்திரை மூன்று நாளைக்கு என்று எழுதிவிடாதீர்கள். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு எழுதுமுன் யோசியுங்கள். பாட்டிக்கு 21 நாள் கடந்துவிட்டதால் மருந்து கொடுத்துப் பயனில்லை. இரண்டு வாரம் முன்பு கொடுத்திருந்தால் பேத்திக்குப் பரவாமல் தடுத்திருக்கலாம். அதை நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

மருந்து தொடங்கி ஐந்து நாள் முடிந்தால் தொற்று நிற்கும், ஆனால் இருமல் நிற்காது. இதை முதல் நாளே சொல்லாவிட்டால், வேலை செய்யவில்லை என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொன்று. முதல் பென்டாவேலன்ட் ஊசி ஆறாவது வாரத்தில், அதாவது 42ஆம் நாளில். இந்தக் குழந்தைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கர்ப்பிணிகளுக்கு அரசு போடும் டிடி ஊசியில் கக்குவானுக்கான பாகம் கிடையாது. டிடாப் ஊசியில் உண்டு. அதை 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால் தாயின் எதிர்ப்பாற்றல் பிறக்கும் குழந்தைக்குப் போய்ச் சேரும். உங்களிடம் வரும் கர்ப்பிணிகளிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

குழந்தை பதினாறு நாள் வார்டில் இருந்துவிட்டு வீடு திரும்பியது. பாட்டி இன்னும் இருமுகிறார்.

அன்புடன்,
குழந்தைகள் வார்டு மருத்துவர்